நாங்களும் ஐந்து நட்சத்திரம் போட்டோம்



போன கிழமை நம்ம ஊர் வட்ஸ்அப் குழுமத்தில் ஒரு சகோதரி ஸ்கிரீன்ஷொட் ஒன்றைப் போட்டுக் கேட்டிருந்தார்: "இது கம்பனியின் சொந்தக் கடையா? 97 வீதம் என்று காட்டுது. நம்பி வாங்கலாமா?" கொஞ்ச நேரத்தில் பத்துப் பன்னிரண்டு பதில்கள். அநேகமானோர் "97 என்றால் பயமில்ல, வாங்குங்க" என்றார்கள். நாங்களும் பதில் எழுதத் தொடங்கினோம். எழுத எழுத நீண்டு போனது. அதனால் இங்கே போடுகிறோம். கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள்.

"நாங்கள்" என்று எழுதுவது எங்கள் பாடசாலை ஸ்டாஃப் ரூமில் ஒரே மேசையில் இருக்கும் நான்கு பேரையும் சேர்த்துத்தான். வாங்கியதும் நாலு பேரும் சேர்ந்து, ஏமாந்ததும் சேர்ந்து. எந்தத் தளம், எந்தக் கடை என்று பெயர் எழுதவில்லை. பெயரைச் சொன்னால் அந்த ஒன்றை மட்டும் தவிர்த்துவிட்டு அடுத்ததில் போய் விழுவோம்.

கடந்த வருடம் எங்கள் பரிசளிப்பு விழாவோடு சேர்த்து ஒரு டீச்சருக்குப் பிரியாவிடையும் வைத்தோம். முப்பத்து நான்கு வருடம் தரம் 1 படிப்பித்தவர். எங்கள் நாலு பேரில் இரண்டு பேருக்கு "அ" எழுதக் கைபிடித்தவரும் அவர்தான். விழாவை முழுதாக வீடியோ எடுக்க வேண்டும் என்று பாடசாலை அபிவிருத்திச் சங்கம் ஒரு சிறிய தொகை தந்தது. பழைய மாணவர் ஒருவர் கெமராவை இரவல் தந்தார். மெமரி கார்ட் மட்டும் நாங்கள் வாங்க வேண்டும்.

டவுனில் விசாரித்தோம். நல்ல பிராண்டின் 256 GB கார்ட் நாங்கள் நினைத்ததைவிட நான்கைந்து மடங்கு விலை. பிறகு போனில் தேடினோம். அதே பிராண்ட், அதே 256 GB, 1,850 ரூபா. கடையின் பெயரிலேயே `Official Store` என்று இருந்தது. கம்பனியின் லோகோதான் கடையின் படம். விற்பனையாளருக்கு 97 வீதம். கார்டுக்கு 212 பேர் சேர்ந்து 4.8 நட்சத்திரம். பெற்றோரின் காசு என்பதால் நாலு பேரும் மாறி மாறிப் பார்த்தோம். பிழை ஒன்றும் தெரியவில்லை. ஓடர் பண்ணினோம்.

மூன்றாம் நாள் பார்சல் வந்தது. நல்ல பொதி. கணினியில் போட்டுப் பார்த்தோம், 238 GB என்று காட்டியது. எங்களில் ஒருவர் "பாத்தீங்களா, குறையுது" என்றார். அது குறைவல்ல. கம்பனி ஒரு ஜிபியை நூறு கோடி பைட் என்று எண்ணுகிறது, விண்டோஸ் 1024-இன் பெருக்கத்தில் எண்ணுகிறது. உண்மையான 256 GB கார்டும் விண்டோஸில் 238 என்றுதான் காட்டும். ஆக கணக்கு சரி, கார்டும் சரி என்று திருப்திப்பட்டோம். ஒரு படம் எடுத்துப் போட்டு, "வேகமான டெலிவரி, நல்ல பொதி, ஒரிஜினல்" என்று எழுதி ஐந்து நட்சத்திரமும் போட்டோம். இந்த ஐந்து நட்சத்திரத்துக்குப் பிறகு திரும்பி வருவோம்.

மூன்று கிழமை கழித்து விழா. காலை எட்டரைக்குத் தொடங்கியது. கெமராவை ஸ்டாண்டில் வைத்து ஓடவிட்டோம். கிராஅத், வரவேற்புரை, சிறுவர் நிகழ்ச்சிகள், பரிசுகள். டீச்சரின் பிரியாவிடை பகல் பன்னிரண்டுக்குப் பிறகுதான் வந்தது. அவர் எழுதி வைக்காமல் கதைத்தார். தான் முதன்முதலில் படிப்பித்த வகுப்பின் பெயர்ப் பட்டியலை மனப்பாடமாகச் சொன்னார். அதில் மூன்று பேர் அந்தச் சபையிலேயே பேரப்பிள்ளைகளோடு இருந்தார்கள். சபை அழுதது.

இரவு கார்டைக் கணினியில் போட்டோம். எல்லாக் கோப்புகளும் இருந்தன. பெயர் இருக்கிறது, அளவு இருக்கிறது, நேரம் இருக்கிறது. ஆனால் முதல் இரண்டரை மணித்தியாலத்துக்குப் பிறகு உள்ள ஒரு கோப்பும் திறக்கவில்லை. அடுத்த நாள் டவுனில் டேட்டா மீட்டுக் கொடுக்கும் தம்பியிடம் கொண்டு போனோம். அவர் பார்த்துவிட்டுச் சொன்னது: "சேர், அழிஞ்சிருந்தா எடுக்கலாம். இது எழுதப்படவே இல்ல."

நடந்தது இதுதான். அது உண்மையில் 32 GB கார்ட். ஒவ்வொரு கார்டுக்குள்ளும் சின்ன கட்டுப்பாட்டுச் சில்லு ஒன்று இருக்கிறது. கணினி "உன்னுடைய கொள்ளளவு எவ்வளவு?" என்று கேட்டால் பதில் சொல்வது அதுதான். போலி செய்கிறவர்கள் அந்தப் பதிலை மாற்றி எழுதிவிடுகிறார்கள். 32 இருக்கும், 256 என்று சொல்லும். கணினியும் கெமராவும் அதை நம்பும். உண்மையான இடம் முடிந்த பிறகும் கார்ட் "நிரம்பிவிட்டது" என்று சொல்லாது. எழுதுவதுபோல் பாசாங்கு செய்யும், அல்லது பழையதின் மேலேயே எழுதும். எங்கள் கெமரா ஒரு மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ 11 GB எடுக்கும். 32 GB கார்டில் பாவிக்கக்கூடியது 29 சொச்சம். வகுத்துப் பாருங்கள், இரண்டரை மணித்தியாலத்துக்குச் சற்று மேல். டீச்சர் கதைக்க எழுந்தபோது கார்ட் நிரம்பி ஒரு மணித்தியாலமாகியிருந்தது. கெமராவின் சிவப்பு லைட் மட்டும் எரிந்துகொண்டிருந்தது.

இனி அந்த 212 பேரின் கதைக்கு வருவோம். முதலில் எங்களுக்கு வந்த கோபம், இவ்வளவு பேரும் காசு வாங்கிக்கொண்டு எழுதியவர்கள் என்பது. அப்படியும் நடப்பதுண்டு. ஆனால் நாங்களே அந்தக் கூட்டத்தில்தானே இருக்கிறோம்? நாங்கள் யாரிடமும் காசு வாங்கவில்லை, பொய்யும் எழுதவில்லை. அன்று எங்களுக்குத் தெரிந்ததை எழுதினோம். பார்சல் வந்தது, பெட்டி நல்லது, கணினியில் 238 காட்டுகிறது. அந்தக் கார்டின் பிழை 29 ஜிபிக்குப் பிறகுதான் தொடங்குகிறது. போனில் பத்துப் படம் எடுப்பவர் அந்த இடத்தை அடைய ஒரு வருடமாகலாம். அவர் அன்றே ஐந்து நட்சத்திரம் போட்டுவிட்டார். வருடத்துக்குப் பிறகு படம் திறக்காவிட்டால் போனைத்தான் குறை சொல்வார், கார்டை அல்ல.

பிறகு அந்தக் கருத்துகளை ஒவ்வொன்றாக வாசித்தோம். ஆரம்பத்தில் செய்திருக்க வேண்டிய வேலை. பெரும்பாலானவை கூரியரைப் பற்றியவை. "சொன்ன நாளுக்கு வந்தது." "பொதி உடையவில்லை." "நன்றி செல்லர்." கார்டை நிரப்பிப் பார்த்ததாக எழுதியவர்கள் மூன்றே பேர். மூவரும் ஒரு நட்சத்திரம். மற்ற இருநூற்றுச் சொச்சம் பேரின் நட்சத்திரத்துக்குள் அந்த மூன்று பேரும் காணாமல் போய்விட்டார்கள்.

எந்தப் பொருளுக்கும் இதைக் கேட்டுப் பார்க்கலாம்: இதன் பிழை எப்போது தெரியவரும்? சட்டையின் நிறமும் அளவும் பெட்டியைத் திறந்ததும் தெரியும். சட்டைக்கு வரும் நட்சத்திரத்தை ஓரளவு நம்பலாம். பவர் பேங்க், மெமரி கார்ட், சார்ஜர், முகத்துக்குப் பூசும் கிறீம், வாகன பிரேக் பேட், இவற்றின் பிழை முதல் நாளில் தெரியாது. இவற்றுக்கு வரும் நட்சத்திரம் அநேகமாக டெலிவரிக்கான நட்சத்திரம்தான்.

விற்பனையாளரின் வீதத்துக்கும் இதேதான். டராஸில் கடைப் பெயருக்குக் கீழே மூன்று எண்கள் காட்டும்: `Positive Seller Ratings`, `Ship on Time`, `Chat Response Rate`. இரண்டாவது, பார்சலை நேரத்துக்கு அனுப்புகிறாரா என்பது. மூன்றாவது, கேள்விக்குப் பதில் எழுதுகிறாரா என்பது. போலி விற்பவர் இந்த இரண்டிலும் 100 எடுக்க ஒரு தடையும் இல்லை. வேகமாக அனுப்புவதும் இனிமையாகப் பதில் எழுதுவதும் அவருக்கும் வியாபாரத்துக்கு நல்லதுதானே. முதலாவது, வாங்கியவர்கள் அந்தக் கடைக்குச் சொன்ன அபிப்பிராயம். அது ஒரு பொருளுக்கானதல்ல. நூறு ரூபாய்க்குத் தலைக் கிளிப்பும் போன் கவரும் ஆயிரக்கணக்கில் விற்று 97 சேர்த்த கடை, அதே 97-ஐக் கார்டின் பக்கத்திலும் காட்டும். கடைக்குள் போய் அது வேறு என்ன விற்கிறது என்று பாருங்கள். எங்கள் "ஒஃபிஷல்" கடை மெமரி கார்டோடு மீன்பிடித் தூண்டிலும் விற்றுக்கொண்டிருந்தது. நாலு பேருக்கும் அன்று அது கண்ணில் படவில்லை.

பொருளின் பக்கத்திலுள்ள நட்சத்திரமும் எப்போதும் அந்தப் பொருளுக்கு உரியதல்ல. வேறு பொருளுக்குச் சேர்ந்த கருத்துகளை இன்னொன்றின் கீழே கொண்டு வந்து ஒட்டும் தந்திரம் உண்டு. அமேசனில் வெவ்வேறு விட்டமின் பொருட்களை ஒன்றாக இணைத்து, ஒன்றின் நட்சத்திரத்தை மற்றதற்குக் காட்டியதற்காக 2023-இல் அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் ஒரு நிறுவனத்திடம் 6 இலட்சம் டொலர் வாங்கியது. பெரிய கம்பனியே செய்தது. கண்டுபிடிப்பது லேசு. கார்டின் கீழே "கலர் நல்லம், சைஸ் சரி" என்று கருத்துகள் இருந்தால் அவை கார்டுக்கு எழுதியவை அல்ல.

இன்னொன்று, 100 வீதம். இது கணக்கு, கொஞ்சம் பொறுங்கள். ஒரு விற்பனையாளர் அனுப்புவதில் ஐந்தில் ஒன்று மோசம் என்று வைப்போம். அவருக்கு ஆறு பேர் மட்டுமே ரேட்டிங் போட்டிருக்கிறார்கள். ஆறும் நல்லதாக அமைய வாய்ப்பு எவ்வளவு? 0.8-ஐ ஆறு தடவை பெருக்கினால் 0.26 வரும். அதாவது இப்படி மோசமான நாலு விற்பனையாளர்களில் ஒருவர், ஒரு ஏமாற்றும் செய்யாமலே, சும்மா அதிர்ஷ்டத்தில் 100 வீதம் காட்டுவார். அறுபது பேர் போட்டு அறுபதும் நல்லது என்றால் கதை வேறு. அதே ஆள் அப்படித் தப்புவது பத்து இலட்சத்தில் ஒன்றிரண்டு தடவைதான். ஆகவே வீதத்துக்குப் பக்கத்தில் எத்தனை பேர் என்ற எண்ணைப் பார்க்காமல் வீதத்தை வாசிக்கக் கூடாது. கலாசாலையில் நிகழ்தகவைப் பகடைக்காய் வைத்துப் படித்தோம். எங்கள் ஓஎல் வகுப்புக்கு இப்போது இந்த உதாரணத்தைத்தான் கொடுக்கிறோம். பகடைக்காயைவிட நன்றாக விளங்குகிறது.

ஆனால் எண்ணிக்கை கூடினாலும் தீராத பிரச்சினைதான் எங்களுக்கு வந்தது. ஆயிரம் பேர் போட்டாலும், ஆயிரம் பேருக்கும் முதல் நாளில் தெரியாத ஒன்றை அந்த எண் சொல்லாது.

சகோதரியின் உண்மையான கேள்விக்கு வருகிறோம்: இது கம்பனியின் கடையா?

ஒரு பக்கத்தில் நாம் பார்ப்பவற்றில் விற்பனையாளர் தானே எழுதுவது எது, தளம் வைப்பது எது என்று பிரித்துப் பாருங்கள். பொருளின் தலைப்பு, படம், விளக்கம் எல்லாம் விற்பனையாளருடையது. படத்தின் மூலையில் "100% Original" என்று முத்திரை வரைந்திருந்தால் அதுவும் அவர் வரைந்ததுதான். பிராண்ட் என்ற இடத்தில் கம்பனியின் பெயர் வந்தால், பொருள் அந்தக் கம்பனியுடையது என்று அவர் சொல்கிறார், அவ்வளவுதான். கடைக்குப் பெயர் வைப்பதும் அவர்தான். தளங்கள் பிராண்ட் பெயர்களைக் கடைப் பெயராக வைக்க விடக்கூடாது. ஆனால் பின்னால் ஒரு "லங்கா", முன்னால் ஒரு "மொபைல்" சேர்த்து நுழைந்துவிடுகிறார்கள்.

தளம் வைப்பது வேறு. டராஸில் `DarazMall` என்ற அடையாளம் தலைப்போடு தளமே சேர்ப்பது. சந்தேகம் வந்தால் சுலபமான வழி ஒன்று இருக்கிறது. பொருளைத் தேடி, வடிகட்டியில் `DarazMall` என்பதை மட்டும் தெரிவு செய்யுங்கள். நீங்கள் பார்த்த அந்தக் கடை பட்டியலிலிருந்து மறைந்துவிட்டால், அதன் "ஒஃபிஷல்" அதன் சொந்தக் கற்பனை. எங்கள் கார்டை அது இருந்த தளத்தில் இதே மாதிரி வடிகட்டிப் பார்த்தோம், விழா முடிந்த பிறகு. ஒரு நொடியில் மறைந்தது.

மோல் என்று இருந்தாலும் எல்லாமே கம்பனி தானே நடத்தும் கடை அல்ல. ஏஜென்ட், அனுமதி பெற்ற விற்பனையாளர் எல்லாம் அதற்குள் வருவார்கள். அது பிழையில்லை, நம் நாட்டில் அநேக கம்பனிகளுக்கு ஏஜென்ட்தான் இருக்கிறார். வாரண்டி யாருடையது என்று பார்த்தால் போதும். கம்பனி வாரண்டி என்றால் ஏஜென்டின் சேர்விஸ் சென்டருக்குப் போகலாம். விற்பனையாளர் வாரண்டி என்றால் அந்தக் கடை இருக்கும் வரைதான் வாரண்டி.

வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகள் மூலம் அமேசனில் வாங்குகிறவர்கள் நம் ஊரில் நிறையப் பேர். அங்கே தலைப்போடு "Visit the ... Store" என்று கம்பனியின் பெயரோடு ஒரு இணைப்பு வரும். அதைப் பார்த்துத்தான் அநேகர் ஏமாறுகிறார்கள். அந்த இணைப்பு கம்பனியின் கடைக்குத்தான் போகும். ஆனால் நீங்கள் நிற்கும் பக்கத்தில் பொருளை விற்பவர் வேறு ஆளாக இருக்கலாம். ஒரே பக்கத்தில் பல விற்பனையாளர்கள் விற்பது அங்கே வழமை. வாங்கும் பொத்தானுக்குக் கீழே `Sold by` என்பதற்கு நேரே இருக்கும் பெயர்தான் உங்களுக்கு விற்கிறவர். `Ships from` என்பது களஞ்சியம். பொருள் அமேசனின் களஞ்சியத்திலிருந்து வருவதால் அதை விற்பது அமேசன் என்று ஆகாது. மகனிடம் லிங்கை மட்டும் அனுப்பாமல், அந்த ஒரு வரியையும் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.

எல்லாவற்றிலும் உறுதியான வழி தலைகீழாகப் போவது. சந்தைத் தளத்தில் தொடங்காமல் கம்பனியின் சொந்த இணையத்தளத்தில் தொடங்குங்கள். எங்கே வாங்கலாம் என்ற பகுதியில் இலங்கையைத் தெரிவு செய்தால் அநேகமாக ஏஜென்டின் பெயர் வரும். அந்த ஏஜென்டுக்குச் சந்தையில் கடை இருக்கிறதா என்று அவர்களிடமே கேட்டால் சொல்வார்கள். ஒரு கோல், ஐந்து நிமிடம்.

இதற்காக எல்லாவற்றையும் ஒஃபிஷல் கடையில்தான் வாங்க வேண்டும் என்று நாங்கள் சொல்லவில்லை. எங்கள் கொப்பி உறை, வெள்ளைப் பலகை மார்க்கர், பிள்ளைகளின் சப்பாத்து எல்லாம் சின்ன விற்பனையாளர்களிடம்தான் இன்றும் வாங்குகிறோம். நம் ஊர்த் தங்கச்சிமார் சிலரும் அப்படித்தான் தைத்து விற்கிறார்கள். பிழை முதல் நாளிலேயே தெரியும் பொருள் என்றால் திருப்பி அனுப்பலாம். தெரியாத பொருள் என்றால்தான் கடையின் அடையாளத்தைப் பார்க்கிறோம்.

மெமரி கார்டுக்கு மட்டும் இன்னொரு வேலை. எந்தக் கடையில் வாங்கினாலும் பெட்டி வந்த இரவே சோதித்துவிடுகிறோம். விண்டோஸுக்கு `h2testw` என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது. வெற்றுக் கார்டைக் கணினியில் போட்டு, அதைத் தெரிவு செய்து, `Write + Verify` என்பதை அழுத்த வேண்டும். அது கார்ட் முழுவதையும் நிரப்பி, எழுதியதைத் திரும்ப வாசித்து ஒப்பிடும். 256 GB என்றால் இரவு முழுக்க ஓடும், ஓடவிட்டுத் தூங்கலாம். நல்லதென்றால் காலையில் "Test finished without errors" என்று இருக்கும். எங்கள் பழைய கார்டுக்கு வந்தது "The media is likely to be defective". அதற்குக் கீழே 29 சொச்சம் ஜிபி சரி, மற்றதெல்லாம் இழப்பு. இதைத் திருப்பி அனுப்பும் காலத்துக்குள் செய்திருந்தால் 1,850 ரூபா கைக்கு வந்திருக்கும். நாங்கள் செய்தபோது அந்தக் காலம் முடிந்து பத்து நாள்.

கடைக்கு எழுதினோம். ஐந்தே நிமிடத்தில் பதில்: "டியர் சேர், எங்கள் பொருள் 100% ஒரிஜினல். உங்கள் ரிவியூவுக்கு நன்றி." கூடவே நாங்கள் போட்ட ஐந்து நட்சத்திரத்தின் ஸ்கிரீன்ஷொட்டும் வந்தது. அதை மாற்றப் பார்த்தோம். அந்தத் தளத்தில் முடியவில்லை. இன்றும் எங்கள் படமும் எங்கள் வரியும் அந்தப் பக்கத்தில் இருக்கின்றன. எங்கள் வரியை வாசித்து எத்தனை பேர் வாங்கினார்களோ, அந்தக் கணக்கும் எங்களிடம்தான் இருக்கிறது.

சங்கக் கூட்டத்தில் நடந்ததைச் சொல்லி, நாலு பேரும் பிரித்து அந்தக் காசைத் திருப்பிக் கொடுத்தோம். புதுக் கார்டை ஏஜென்டிடம் வாங்கி, இரவு முழுக்க ஓடவிட்டு, காலையில் பார்த்துத்தான் அலுமாரியில் வைத்தோம்.

டீச்சரின் வீட்டுக்குப் போய்ச் சொல்லத்தான் கஷ்டமாக இருந்தது. அவர் டீ ஊத்தித் தந்துவிட்டு, "அதுக்கென்ன வாப்பா, நான் இருக்கிறேன்தானே, திரும்பச் சொல்றேன்" என்றார். சொல்லவும் சொன்னார், அந்தப் பெயர்ப் பட்டியலை, முதலிலிருந்து. விழா நாளில் ஒரு உம்மா தன் மகளைப் படம் பிடிக்கும்போது பின்னால் விழுந்த பதினொரு நிமிடத் துண்டு ஒன்றும் பிறகு கிடைத்தது. ஆடி ஆடித்தான் இருக்கிறது, குரல் மட்டும் தெளிவு. அன்று உங்கள் போனில் டீச்சர் பேசியதை யாராவது எடுத்திருந்தால், அரை நிமிடமாக இருந்தாலும் எங்களுக்கு அனுப்பி வையுங்கள்.